பொங்கல் டிக்கெட்டும் புராஜெக்ட் கணக்கும்

ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. அதனால் போகிக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டிய சென்னைவாசிகள், நவம்பர் நடுவில் ஒரு காலை எட்டு மணிக்கு, கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில நிமிடங்களில் நெல்லைக்கும் மதுரைக்கும் போகிற வண்டிகளில் காத்திருப்புப் பட்டியல் தொடங்கிவிடும். டிக்கெட் கிடைத்தவர் ஜனவரியில் எந்த நாள் கிளம்புவார், எந்த நாள் திரும்புவார் என்பது அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஆனால் அலுவலகத்தின் விடுப்புப் பதிவில் அந்த விடுப்பு ஏறுவது பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில்தான். ஜனவரி வேலைக்கான திட்டமோ டிசம்பரில் போடப்படுகிறது. திட்டம் போடுகிறவர் கணினியைத் திறந்து பார்த்தால் யாருக்கும் விடுப்பு இல்லை. எல்லோருக்கும் எல்லா நாளும் வேலை நாள். அந்த வெற்றுத் திரையை நம்பித்தான் வாடிக்கையாளரிடம் தேதி சொல்லப்படுகிறது.

நான் பல ஆண்டுகள் மென்பொருள் அணிகளை நடத்தியவன். ஓர் அணி ஒரு மாதத்தில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்ற கணக்கை எங்கள் அலுவலகங்களில் கெப்பாசிட்டி என்பார்கள். ஆட்களின் எண்ணிக்கையை நாட்களால் பெருக்கினால் வருவது ஒரு எண். விடுமுறை, விடுப்பு, மீட்டிங் எல்லாம் போக உண்மையில் கையில் இருப்பது இன்னொரு எண். தொழிலுக்கு வந்த புதிதில் நான் முதல் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஜனவரிக்கு வாக்குக் கொடுத்தேன். எட்டுப் பேர், நான்கு வாரம், பெருக்கிச் சொல்லிவிட்டேன். பதினைந்து நாள் கழிந்தபோது பாதிக்குப் பாதி வேலைகூட நகரவில்லை. திருநெல்வேலிக்குப் போயிருந்த ஒரு தம்பியை மாட்டுப் பொங்கல் அன்றே திரும்பி வரச் சொல்ல வேண்டியதாயிற்று. இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மறுநாள் காலை முகத்தைக் கழுவிவிட்டு நேராகக் கணினி முன்னால் உட்கார்ந்தான். அவனிடம் ஒரு குறையும் இல்லை. நான் கழிக்க மறந்ததை அவன் தன் பண்டிகையிலிருந்து கட்டினான். அதன் பிறகு இந்தக் கழித்தலை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

கணக்கை ஓர் உண்மையான மாதத்தில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 2026 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஏழு பேர் கொண்ட ஓர் அணி: ஒரு டீம் லீட், நான்கு டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள். வாடிக்கையாளர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறார். ஜனவரி 5 திங்கள்கிழமை வேலை தொடக்கம், 30 வெள்ளிக்கிழமை ஒப்படைப்பு. வாடிக்கையாளர் கேட்டிருக்கும் பட்டியலுக்கு 60 டெவலப்பர் நாட்கள் ஆகும் என்று அணியே மதிப்பிட்டிருக்கிறது. நான்கு வாரத்தில் 20 வார நாட்கள், நான்கு டெவலப்பர்கள், ஆகவே 80 நாள். அறுபது நாள் வேலைக்கு எண்பது நாள் இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும்.

முதலில் பொது விடுமுறைகள். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16 வெள்ளி திருவள்ளுவர் தினமான மாட்டுப் பொங்கல், 26 திங்கள் குடியரசு தினம். உழவர் திருநாள் சனிக்கிழமை வந்துவிட்டதால் கணக்கில் சேராது. இருபதில் மூன்று போய் 17 நாள் மிச்சம். இதைக் கையால் எண்ண வேண்டியதில்லை. எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, விடுமுறைப் பட்டியல் மூன்றையும் கொடுத்தால் போதும்:

```
=NETWORKDAYS(A2,B2,H2:H4)
```

A2-வில் ஜனவரி 5, B2-வில் ஜனவரி 30, H பத்தியில் மூன்று விடுமுறைத் தேதிகள். விடை 17. இந்தச் சூத்திரம் சனி, ஞாயிறை வார விடுமுறையாக வைத்துக்கொண்டு, தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணும். சனிக்கிழமையும் வேலை பார்க்கும் அலுவலகமாக இருந்தால் இதன் இன்னொரு வடிவம் வேண்டும்:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,11,H2:H4)
```

நடுவில் உள்ள 11 என்பது ஞாயிறு மட்டுமே வார விடுமுறை என்பதைக் குறிக்கும். அப்படிப்பட்ட அலுவலகத்தில் உழவர் திருநாளையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

H பத்தியில் எதை எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல் வேறு, நிறுவனம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒட்டும் பட்டியல் வேறு. தமிழ்நாட்டில் தனியார் தொழில் நிறுவனங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு, பண்டிகைக்காக இன்னும் ஐந்து நாட்கள், ஆக ஒன்பது நாள் ஊதியத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது அது. அந்த ஐந்து எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அணியில் ஒருவர் கொச்சியிலிருந்தும் ஒருவர் பெங்களூரிலிருந்தும் வேலை பார்த்தால், அவரவர் ஊர்ப் பட்டியல் அவரவர் வரிசைக்கு வேண்டும். கொச்சிக்காரருக்கு மாட்டுப் பொங்கல் இல்லை, ஓணம் உண்டு. ஒரே பட்டியலை எல்லோருக்கும் போட்டால் ஒரு மாதம் கூடிக் காட்டும், இன்னொரு மாதம் குறைத்துக் காட்டும். ரம்ஜான் மாதிரி பிறை பார்த்து முடிவாகும் நாட்களுக்கு அடுத்தடுத்த இரண்டு தேதிகளைக் குறித்துவைப்பது நல்லது.

விடுமுறை போக நான்கு டெவலப்பர்களுக்கு 68 நாள்.

அடுத்தது விடுப்பு. இங்கேதான் நவம்பர் மாதத்து டிக்கெட் உதவுகிறது. “ஜனவரியில் லீவு போடுவீங்களா?” என்று கேட்டால் பலரும் “இன்னும் முடிவு பண்ணல சார்” என்பார்கள். அது பொய்யல்ல. விடுப்பு கிடைக்குமா என்று தெரியாமல் சொல்லத் தயக்கம். “பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சா? எந்தத் தேதிக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வரும். “பத்தாம் தேதி நைட்டு அனந்தபுரி சார், திரும்ப பதினெட்டுக்குக் கிடைச்சிருக்கு.” வீட்டில் கல்யாணம் உண்டா, பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது, வீடு மாற்றும் எண்ணம் உண்டா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் மாதம் முழுவதும் தெரிந்துவிடும். கேட்கும்போதே “சொன்னதற்காக லீவை ரத்து செய்ய மாட்டேன்” என்று உறுதி கொடுக்க வேண்டும், அந்த உறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரு முறை மீறினால் அடுத்த நவம்பரில் யாரும் உண்மையான தேதியைச் சொல்ல மாட்டார்கள்.

நம் அணியில் கேட்டதில் வந்த பதில்கள் இவை. முதல் டெவலப்பர் நெல்லைக்காரர். அவர்தான் 10-ஆம் தேதி இரவு ரயிலேறி 18-ஆம் தேதி திரும்புகிறவர். இரண்டாமவர் 14-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் விடுப்பு. மூன்றாமவருக்குத் தங்கை கல்யாணம், 22, 23. நான்காமவர் எங்கும் போகவில்லை.

முதல் டெவலப்பருக்கு எத்தனை நாள் கழிப்பது? அவர் ஊரில் இருப்பது ஏறக்குறைய ஒன்பது நாள். பல கணக்குத் தாள்களில் 12 முதல் 16 வரை ஐந்து நாள் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் 15, 16 இரண்டும் ஏற்கெனவே விடுமுறையாகக் கழிக்கப்பட்டவை. உண்மையில் அவர் எடுத்த விடுப்பு 12, 13, 14 ஆகிய மூன்று நாள் மட்டுமே. ஒரே நாளை இரண்டு முறை கழிப்பது இந்தக் கணக்கில் மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை. அதைத் தவிர்க்க எளிய வழி, ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம் என்று தாளை அமைப்பது. ஒரு கட்டத்தில் ஒரு எழுத்துதான் இருக்க முடியும். விடுமுறை என்று குறித்த கட்டத்தில் விடுப்பு என்று மறுபடி எழுத இடமிருக்காது.

நால்வருக்கும் சேர்த்து 3, 2, 2, 0, ஆக ஏழு நாள். 68 என்பது 61 ஆகிறது.

சொல்லாமல் வரும் விடுப்பும் உண்டு. காய்ச்சல், குழந்தைக்கு வாந்தி, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது. யாருக்கு, எந்த நாள் என்று தெரியாது. ஆனால் கடந்த ஆறு மாத வருகைப் பதிவைப் பார்த்தால் மாதத்துக்கு எத்தனை நாள் இப்படிப் போகிறது என்பது தெரியும். இந்த அணியின் டெவலப்பர்களுக்கு மாதம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 59.

இந்த இடத்தில் ஆண்டுக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஊதிய விடுப்பு, உடல்நலமின்மைக்கு 12 நாள் வரை, வேறு நியாயமான காரணத்துக்கு 12 நாள் வரை என்று அது சொல்கிறது. கூட்டினால் 36. ஆண்டின் வார நாட்கள் 261. ஒன்பது விடுமுறையும் வார நாளிலேயே வந்தால் 252 மிஞ்சும். 252-இல் 36 என்பது சரியாக ஏழில் ஒரு பங்கு. அதாவது எல்லோரும் தங்களுக்குரிய விடுப்பை முழுமையாக எடுத்தால், ஏழு பேர் அணியில் எந்த நாளும் சராசரியாக ஒருவர் இருக்கமாட்டார். உடம்புக்கு வராவிட்டால் அந்த 12 நாளைப் பெரும்பாலோர் தொடுவதில்லை என்பதால் நடைமுறையில் இது குறைவாகவே இருக்கும். ஆனால் விடுப்பே இல்லாத அணி என்று ஒன்றை மனத்தில் வைத்துத் திட்டம் போடுகிறவர், சட்டப்படி இல்லாத ஓர் ஆளை எண்ணிக்கையில் சேர்க்கிறார்.

இனி, வந்திருக்கும் நாட்களில் எது போகிறது என்று பார்ப்போம். கழிக்கும் வரிசை முக்கியம். விடுமுறை, விடுப்பு எல்லாம் போனபின்தான் மீட்டிங்கைக் கழிக்க வேண்டும். ஊரில் பொங்கல் பானை முன்னால் நிற்பவருக்கு மீட்டிங் கிடையாது. முதலிலேயே எல்லா நாளிலிருந்தும் மீட்டிங்கைக் கழித்தால் இல்லாத நாட்களுக்கும் சேர்த்துக் கழித்ததாகும்.

நம் அணிக்கு முன்பே செய்துகொடுத்த ஒரு பழைய மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பும் இருக்கிறது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த வாரம் அவருடைய பாதி நேரம் பயனாளர்களின் புகார்களுக்குப் போகிறது. 17 வேலை நாளில் ஒவ்வொரு நாளும் அரை நாள், ஆக எட்டரை நாள். புதிய புராஜெக்டின் திட்டத் தாளில் இது எப்போதும் விடுபட்டுப்போகும். காரணம், அது வேறொரு புராஜெக்டின் பெயரில் இருக்கிறது. ஆனால் ஆள் அதே ஆள்.

பிறகு மீட்டிங். தினமும் மாலை ஏழரைக்கு வாடிக்கையாளரோடு அரை மணி நேரம். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் அங்கே அது காலை ஒன்பது. இதைத் தவிர, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திட்டமிட இரண்டு மணி நேரம், செய்ததைக் காட்ட ஒரு மணி நேரம், நடந்ததைத் திரும்பிப் பார்க்க ஒரு மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் அடுத்து வரப்போகிற வேலைகளைப் பேசித் தெளிவாக்க. லீடுடன் தனியே இரண்டு அரை மணிகள், நிறுவனத்தின் மாதக் கூட்டம் ஒரு மணி. இந்த அன்றாடமல்லாத மீட்டிங்குகள் மட்டும் ஆளுக்கு மாதம் 14 மணி நேரம். நால்வருக்கு 56. தினசரி அரை மணியை 59 நாளால் பெருக்கினால் இருபத்தொன்பதரை. மொத்தம் எண்பத்தைந்தரை மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் பத்தே முக்காலுக்குச் சற்றுக் குறைவு.

59-இல் எட்டரையும் பத்தே முக்காலும் போனால் சுமார் 40.

எண்பதில் சரிபாதி. யாரும் சோம்பி உட்காரவில்லை, தேவையில்லாத மீட்டிங் என்று தூக்கிப்போடக்கூடியதும் இதில் அதிகமில்லை. இது சாதாரணமான ஓர் அணியின் சாதாரணமான ஜனவரி. டீம் லீட் எழுதும் கோடிங்கை நான் வேண்டுமென்றே பூஜ்யமாக வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர், நேர்காணல், அறிக்கை என்று அவர் நேரம் எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் எழுதினால் அது வரவு. அதை எதிர்பார்த்து வாக்குக் கொடுக்கக்கூடாது.

மணி நேரக் கணக்கு சொல்லாத ஒன்றும் மீட்டிங்கில் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று என்றால் இடையில் உள்ள ஒரு மணி நேரத்தைத் தாள் வேலை நேரமாக எண்ணுகிறது. சிக்கலான நிரல் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ளவே முக்கால் மணி பிடிப்பவருக்கு அந்த ஒரு மணியில் மின்னஞ்சலுக்குப் பதில் போடத்தான் முடியும். இதைக் கழிக்கச் சூத்திரம் கிடையாது. செய்யக்கூடியது, மீட்டிங்குகளை ஒன்றையொன்று ஒட்டி வைத்து, நாளில் மூன்று மணி நேரமாவது துண்டுபடாமல் பார்த்துக்கொள்வது. வாடிக்கையாளர் கூட்டம் மாலையில் இருப்பதால் மற்றவற்றையும் ஐந்து மணிக்கு மேல் தள்ளிவிட்ட ஓர் அணியில் வேலை செய்திருக்கிறேன். மீட்டிங் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, முடிகிற வேலை கூடியது.

நாற்பது நாள் இருக்கிறது என்று தெரிந்தபின்னும் கணக்கு முடியவில்லை. அந்த நாற்பது மாதத்தில் எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டெஸ்டர்களில் ஒருவர் 13, 14 விடுப்பு, மற்றவர் 14. டீம் லீட் 23. ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டமாக எழுதிய தாளில் ஜனவரி 14-ஆம் தேதியின் பத்தியை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஏழு பேரில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். லீட், இரண்டு டெவலப்பர்கள். சோதிக்க ஒருவரும் இல்லை. இரண்டு வாரச் சுற்று 5-ஆம் தேதி தொடங்கியதால் செய்ததைக் காட்டும் கூட்டம் வழக்கப்படி 16 வெள்ளி. அன்று மாட்டுப் பொங்கல். ஒரு நாள் முன்னால் தள்ளினால் பொங்கல். இன்னொரு நாள் முன்னால் போனால் இந்த மூன்று பேர் அமர்ந்திருக்கும் 14. சரி, அடுத்த திங்கள் 19 என்றால் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நாள், ஜனவரியின் மூன்றாம் திங்கள், வாடிக்கையாளர் வரமாட்டார். ஆகவே ஒன்று 12-ஆம் தேதியே பாதி வேலையோடு காட்ட வேண்டும், அல்லது 20 வரை காத்திருக்க வேண்டும். மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இது தெரியவே வராது. ஜனவரி 14 காலையில்தான் தெரியும்.

வாடிக்கையாளரின் விடுமுறையை நம் கெப்பாசிட்டியிலிருந்து கழிக்க வேண்டாம், அன்று நாம் வேலை பார்க்கிறோம். ஆனால் கேள்விக்குப் பதில் கிடைக்காத நாள் என்று தாளில் குறித்துவைக்க வேண்டும். 16-ஆம் தேதி அவர்கள் அனுப்பும் கேள்வி இங்கே 19 வரை கிடக்கும். 19-ஆம் தேதி நாம் அனுப்பும் பதிலும் சந்தேகமும் அங்கே 20 வரை கிடக்கும். நான்கு நாள் ஓடிவிடும்.

மாதத்தின் மறுகோடிக்குப் போவோம். 30-ஆம் தேதி ஒப்படைக்க வேண்டுமென்றால் முழு மென்பொருளையும் ஒருமுறை ஓட்டிச் சோதித்து, அகப்படும் பிழைகளைத் திருத்த நான்கு வேலை நாளாவது வேண்டும். 26 விடுமுறை. 27, 28, 29, 30 சரியாக நான்கு. எனவே புதிய நிரல் எழுதுவது 23 வெள்ளியோடு நிற்க வேண்டும். 5 முதல் 23 வரை மட்டும் இதே கழித்தலைச் செய்து பாருங்கள். 13 வேலை நாள், நால்வருக்கு 52. ஏழு விடுப்பும் இந்தக் காலத்துக்குள்ளேயே விழுகிறது. எதிர்பாராத விடுப்பு ஒரு நாள், மிச்சம் 44. பழைய மென்பொருளுக்கு ஆறரை, மீட்டிங்குக்கு எட்டு. 30-க்கும் சற்றுக் குறைவு. கடைசி வாரத்தின் பத்து நாள் உழைப்பு வீணில்லை, அது பிழை திருத்தப் போகும். ஆனால் புதிதாகக் கட்டித் தர கையில் இருப்பது 30 நாள். வாடிக்கையாளர் கேட்பது 60 நாள் வேலை.

அந்த 60 என்ற எண்ணையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அணி “இது மூணு நாள் ஆகும்” என்று சொன்னபோது எந்த மூன்று நாள்? இடையூறு இல்லாமல் உட்கார்ந்தால் மூன்று நாளா, அல்லது மீட்டிங், புகார் எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது நாட்காட்டியில் மூன்று நாளா? அனுபவமுள்ள டெவலப்பர் தன்னையறியாமல் இரண்டாவதைச் சொல்வார். அப்படியானால் மீட்டிங்கை அவர் ஏற்கெனவே சேர்த்துவிட்டார், நாமும் கழித்தால் இரட்டைக் கழிவு, கணக்கு தேவைக்கு மேல் பயமுறுத்தும். நான் இப்படிக் கேட்பேன்: “காலையில வந்து உட்கார்ந்தா யாருமே கூப்பிடல, எத்தனை நாள்?” மூன்று என்றவர் இரண்டு என்று குறைத்தால் விஷயம் விளங்கிவிடும். நம் அணியில் கேட்டபோது 60 என்பது இடையூறில்லாத நாட்கள்தான் என்று உறுதியானதாக வைத்துக்கொள்வோம்.

இதே காரணத்தால், முடித்த வேலைக்குப் புள்ளி போட்டு வேகத்தை அளக்கும் அணிகள் வேறு வழியில் போக வேண்டும். கடந்த சுற்றுகளில் இத்தனை புள்ளி முடித்தோம் என்ற எண்ணில் அந்தச் சுற்றுகளின் மீட்டிங்கும் புகார்களும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. அவர்கள் விடுமுறையையும் விடுப்பையும் மட்டும் சரிக்கட்டினால் போதும். போன சுற்றுகளில் வந்திருந்த ஆள் நாட்களால் புள்ளிகளைப் பங்கிட்டு, இந்த மாதம் வரப்போகும் ஆள் நாட்களால் பெருக்க வேண்டும். இரண்டு வழியில் எதுவானாலும் சரி, இரண்டையும் கலக்கக்கூடாது.

அறுபதுக்கு முப்பது என்று தெரிந்ததும் என்ன செய்வது? பலருக்கு முதலில் தோன்றுவது ஆள் சேர்ப்பது. ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிகளின் இயங்குதளப் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இல் ஒரு புத்தகம் எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அதில் அவர் எடுத்துரைத்த அனுபவம். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் நம்மிடம் இருக்கும் நான்கு பேரில் ஒருவர்தான். மூன்று வார வேலையில் அந்தச் செலவு திரும்ப வராது. உடனே கைக்கு வரக்கூடியது பழைய மென்பொருளின் பராமரிப்பு. 23-ஆம் தேதி வரை அதை வேறோர் அணி ஏற்றுக்கொண்டால் ஆறரை நாள் திரும்பக் கிடைக்கும். அது போக, பட்டியலை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வரிசைப்படுத்த வேண்டும்: ஜனவரி 30-க்குள் கட்டாயம் வேண்டியவை எவை, பிப்ரவரிக்குப் போகலாம் என்பவை எவை. இந்தப் பேச்சு டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தால் மரியாதையாக முடியும். ஆளுக்கொரு வரிசை போட்ட தாளையே காட்டலாம், பெயர்களை எடுத்துவிட்டு. எந்த நாள் ஏன் இல்லை என்று கண்ணால் பார்த்தவர் பெரும்பாலும் வாதாடுவதில்லை. அவர்களுக்கும் நன்றி தெரிவிக்கும் நாளும் கிறிஸ்துமஸும் இருக்கின்றன.

டெஸ்டர்களையும் தனியாகவே கணக்கிட வேண்டும். இருவருக்கும் இதே முறையில் கழித்தால் 40 நாள் 24 அல்லது 25 ஆகிறது. டெவலப்பர்களின் நாற்பதோடு கூட்டி அணிக்கு 65 நாள் என்று ஒரே எண்ணாகச் சொன்னால் அது எதற்கும் உதவாது. டெவலப்பரிடம் மிஞ்சும் நாளை வைத்து, 14-ஆம் தேதி டெஸ்டர் இல்லாத குறையை நிரப்ப முடியாது.

மாதம் முடிந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதற்குப் பத்து நிமிடம் போதும். உண்மையில் எத்தனை ஆள் நாள் வந்தார்கள், அதில் எத்தனை நாள் புராஜெக்டுக்குப் போனது? நம் மதிப்பீட்டில் 59 நாள் வருகையில் 40, அதாவது நூற்றுக்கு 68. நடந்ததைப் பார்த்தால் 59-க்குப் பதில் 58 நாள் வந்து, அதில் 35 மட்டும் புராஜெக்டுக்குப் போயிருந்தால் நூற்றுக்கு 60. வருகை சரியாக இருந்து விகிதம் மட்டும் விழுந்தால், தவறு விடுப்புக் கணக்கில் இல்லை. தாளில் வராத ஏதோ ஒன்று ஆட்களின் நேரத்தைத் தின்றிருக்கிறது. பழைய மென்பொருளின் புகார்கள் அரை நாளைத் தாண்டியிருக்கும், அல்லது நேர்காணல் எடுக்க டெவலப்பர்களை அழைத்திருப்பார்கள். இப்படி மூன்று நான்கு மாதம் குறித்து வைத்தால் மீட்டிங்குகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய தேவையே போய்விடும். வருகை நாளை அந்த அணியின் சொந்த விகிதத்தால் பெருக்கினால் போதும். வேறோர் அணியின் விகிதத்தைக் கடன் வாங்கினால் பயன்படாது.

அதே அணி, அதே ஆட்கள், 2026 பிப்ரவரியை எடுத்துப் பாருங்கள். 1-ஆம் தேதி ஞாயிறு, 28-ஆம் தேதி சனி. தைப்பூசம் அந்த முதல் ஞாயிற்றிலேயே வந்துவிட்டது. வார நாட்கள் சரியாக 20, பொது விடுமுறை ஒன்றுமில்லை. காகிதத்தில் ஜனவரியின் அந்த நான்கு வாரமும் பிப்ரவரியின் நான்கு வாரமும் ஒன்றே: நால்வருக்கு 80 நாள். பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு, இரண்டு நாள் காய்ச்சல் என்று கழித்து, பழைய மென்பொருளுக்கு 10 நாளும் மீட்டிங்குக்குப் பதினொன்றரை நாளும் எடுத்துவிட்டால் 52 நாளுக்குமேல் கையில் நிற்கிறது. ஜனவரியில் 40. வாடிக்கையாளரிடம் எந்த வேலைகளைப் பிப்ரவரிக்குத் தள்ளலாம் என்று கேட்கும்போது, அவர் முன்னால் வைக்க வேண்டியவை இந்த இரண்டு எண்களும்தான்.